தட்டையாக்கிய கும்மட்டத்தில் மட்டும் வெளிச்சம் தப்பாக விழுகிறது, ஏன்?

விளக்குத்தூண்_பையன்

வணக்கம். திருமலை நாயக்கர் மகாலின் உள்மண்டபம் மாதிரி ஒன்றை பிரவுசரில் சுற்றிப் பார்க்கும்படி வெப்ஜிஎல் 2-ல் செய்துகொண்டிருக்கிறேன். லைப்ரரி எதுவும் இல்லை, ஷேடர் எல்லாம் நானே எழுதியது. நிஜ மகாலில் சுவரும் தூணும் வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து பூசியது, அதனால் நான் டெக்ஸ்சரே போடவில்லை. வெள்ளை நிறம், நேர் மேலிருந்து ஒரே ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இதில் நிழலும் வெளிச்சமும் சரியாக இல்லையென்றால் மறைக்க எதுவும் இல்லை.

படிக்கட்டு பெட்டிகள், சரி. தூண் ஒரு சிலிண்டர், உயரவாக்கில் 9 மடங்கு இழுத்திருக்கிறேன், அதுவும் சரி. கும்மட்டம் மட்டும் பாடாய்ப் படுத்துகிறது. அரைக்கோளம் ஒன்றை எடுத்து `scale(1, 0.5, 1)` கொடுத்துப் பாதி உயரத்துக்கு அமுக்கினேன். வடிவம் வெளிக்கோட்டில் பார்த்தால் சரியாக இட்லி மாதிரி தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளிச்சம் உச்சியில் மட்டும் ஒரு சின்ன வட்டமாக நின்றுவிட்டு, அதற்குக் கீழே வயிற்றுப் பகுதி சீக்கிரமே இருட்டாகிவிடுகிறது. ஏதோ செங்குத்தான முட்டையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

```glsl
vec3 n = normalize(mat3(model) * aNormal);
float l = max(dot(n, uLightDir), 0.0);
```

வெளிச்சத்தின் திசையை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். ஸ்கேல் எடுத்துவிட்டால் கோளம் அழகாக இருக்கிறது. எங்கே தப்பு?

கோரிப்பாளையம்_7

தம்பி, ஸ்கேல் செய்தால் நார்மலோட நீளம் மாறிவிடும், 1 ஆக இருக்காது, அதுதான் காரணம். நீங்கள் வெர்டெக்ஸ் ஷேடரில் நார்மலைஸ் செய்கிறீர்கள், அது போதாது. முக்கோணத்துக்குள் இடைமதிப்பு எடுக்கும்போது மறுபடி நீளம் குறையும். ஃபிராக்மென்ட் ஷேடரிலும் ஒருமுறை `normalize` போடுங்கள், தீர்ந்துவிடும். எனக்கு இதே பிரச்சினை வந்தது, இப்படித்தான் சரியானது.

விளக்குத்தூண்_பையன்

போட்டுப் பார்த்தேன் அண்ணே. முக்கோண விளிம்புகள் கொஞ்சம் மிருதுவானது, ஆனால் அந்த முட்டைத் தோற்றம் அப்படியே இருக்கிறது.

வைகைக்கரை

கோரிப்பாளையம் சொன்னது பாதி சரி. அவர் மாடலில் மூன்று அச்சிலும் ஒரே அளவு ஸ்கேல் இருந்திருக்கும், அப்போது நார்மலின் நீளம் மட்டும்தான் கெடும், நார்மலைஸ் செய்தால் பிழைத்துக்கொள்ளும். உங்களுக்குக் கெட்டது நீளம் இல்லை, திசை. தப்பான திசையை நார்மலைஸ் செய்தால் ஒரு அலகு நீளமுள்ள தப்பான திசைதான் கிடைக்கும்.

ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். சரிவின் நடுவில் ஓட்டுக்கு நேர் செங்குத்தாக ஒரு குச்சி நட்டிருக்கிறீர்கள். இப்போது முகட்டைப் பாதி உயரத்துக்கு இறக்குகிறோம். ஓடு முன்பைவிடப் படுத்துக்கொள்ளும். அதற்குச் செங்குத்தாக இருக்க வேண்டுமானால் குச்சி என்ன ஆக வேண்டும்? இன்னும் நிமிர வேண்டும், வானத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் ஷேடர் செய்வது நேர் எதிர்: ஓட்டின் உயரத்தைப் பாதியாக்கியதுபோலவே குச்சியின் உயரத்தையும் பாதியாக்குகிறது. ஓடு படுக்கிறது, குச்சியும் கூடவே படுக்கிறது.

எண் போட்டுப் பார்க்கலாம். கும்மட்டத்தை நடுவில் வெட்டிய குறுக்குவெட்டு, x பக்கவாட்டில், y மேலே. உச்சிக்கும் விளிம்புக்கும் நட்டநடுவில், 45 டிகிரியில் ஒரு புள்ளி. அமுக்குவதற்கு முன் அங்கே பரப்போடு ஒட்டி ஓடும் திசை (−1, 1), நார்மல் (1, 1). டாட் பெருக்கல் −1 + 1 = 0, அதாவது செங்குத்து.

இப்போது y-ஐ 0.5-ஆல் பெருக்குங்கள். பரப்போடு ஓடும் திசை (−1, 0.5) ஆகிறது. இது சரிதான், ஏனென்றால் அது பரப்பிலுள்ள இரண்டு புள்ளிகளின் வித்தியாசம், புள்ளிகள் எப்படி நகர்ந்தனவோ அப்படியே அதுவும் நகரும். நார்மலையும் அதே மாதிரி பெருக்கினால் (1, 0.5). டாட் பெருக்கல் −1 + 0.25 = −0.75. பூஜ்யம் இல்லை, செங்குத்து போயிற்று. 0.5-ஆல் பெருக்காமல் வகுத்துப் பாருங்கள்: (1, 2). டாட் −1 + 1 = 0.

வெளிச்சம் நேர் மேலே இருப்பதால் பிரகாசம் என்பது நார்மலைஸ் செய்த y-தான். சரியான நார்மலுக்கு 2/√5, அதாவது 0.894. உங்கள் நார்மலுக்கு 0.5/√1.25, அதாவது 0.447. சரி பாதி. அந்த இடத்தில் நார்மல் கிட்டத்தட்ட 37 டிகிரி சாய்ந்து கிடக்கிறது, நீங்கள் பார்த்த இருட்டு அதுதான்.

மேலூர்_ரோடு

எனக்கும் இதே பிரச்சினை இருக்கிறது, நல்ல நேரத்தில் இழை வந்தது. நான் திரீ.ஜேஎஸ்-ல் `ShaderMaterial` வைத்து ஒரு குன்று செய்கிறேன் (எங்கள் ஊர்ப் பக்கம் யானைமலை, படுத்த யானை மாதிரியே வேண்டும் என்று பாறையை ஒரு பக்கம் நீளமாக இழுத்தேன்). நான் `normalMatrix`-தான் பயன்படுத்துகிறேன், இன்வெர்ஸ் டிரான்ஸ்போஸ் எல்லாம் அதுவே போட்டுக்கொள்கிறது என்று படித்தேன். ஆனாலும் கேமராவைச் சுற்றினால் வெளிச்சமும் கூடவே சுற்றுகிறது. மலைக்குப் பின்னால் போனால் அங்கேயும் காலை வெயில். அப்போ இன்வெர்ஸ் டிரான்ஸ்போஸ் வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

வைகைக்கரை

இல்லை மேலூர், உங்களுடையது வேறு வியாதி. அங்கே `normalMatrix` என்பது `modelViewMatrix`-லிருந்து எடுத்தது. அதனால் நார்மல் கேமராவின் பார்வையில் வருகிறது, உலகத்தின் அச்சில் இல்லை. நீங்கள் வெயிலின் திசையை உலக அச்சில் கொடுத்திருப்பீர்கள். இரண்டும் வேறு வேறு அச்சில் இருக்கும்போது டாட் பெருக்கலுக்குப் பொருளே இல்லை. வெயிலின் திசையை `viewMatrix`-ஆல் சுழற்றிக் கொடுங்கள், சரியாகிவிடும்.

பிரித்தறிய ஒரு வழி: கேமராவை நகர்த்தினால் பிழை மாறுகிறதா? மாறினால் அச்சுக் குழப்பம். கேமரா எங்கே போனாலும் பிழை பொருளின் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நார்மலே தப்பு.

மேலூர்_ரோடு

சரியாகிவிட்டது!! `mat3(viewMatrix) * sunDir` போட்டேன். இரண்டு நாளாக மலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். நன்றி.

விளக்குத்தூண்_பையன்

வைகைக்கரை, கூரைக் குச்சி உதாரணத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆனால் ஒன்று இடிக்கிறது. தூணை 9 மடங்கு இழுத்திருக்கிறேன், கும்மட்டத்தை வெறும் பாதிதான் அமுக்கினேன். அப்படியென்றால் தூணில்தானே பிழை பயங்கரமாகத் தெரிய வேண்டும்? அங்கே ஒரு குறையும் இல்லையே. இதனால்தான் நான் ஷேடரைச் சந்தேகப்படவே இல்லை.

வைகைக்கரை

இதுதான் எல்லோரையும் ஏமாற்றும் இடம். சிலிண்டரின் பக்கத்து நார்மல் எல்லாம் கிடைமட்டம், y பாகம் 0. பூஜ்யத்தை 9-ஆல் பெருக்கினாலும் வகுத்தாலும் பூஜ்யம்தான். மேல் மூடியின் நார்மல் (0, 1, 0), அதைப் பெருக்கினால் நீளம்தான் மாறும், நார்மலைஸ் அதைச் சரிசெய்துவிடும். பெட்டிக்கும் அதே கதை. ஸ்கேல் செய்யும் அச்சுக்கு இணையாகவோ செங்குத்தாகவோ நிற்கும் நார்மல்களைத் தப்பான கணக்கு தொடாது, இடையில் சாய்ந்து நிற்பவை மட்டுமே அடிபடும். உங்கள் கும்மட்டத்திலேயே பாருங்கள், உச்சியும் அடி விளிம்பும் சரியாக இருக்கும், 45 டிகிரி நார்மல் இருந்த அந்த நடுவயிறுதான் அதிகம் கெட்டிருக்கும்.

தூணின் தலைப்பில் தாமரை மாதிரி விரியும் பகுதி ஒன்று வைத்து அதையும் 9 மடங்கு இழுத்தால் அப்போது தெரியும். பெட்டியையும் சிலிண்டரையும் வைத்து ஷேடரைச் சோதித்தால் இந்தப் பிழை சிக்கவே சிக்காது, கோளம் வைத்துச் சோதியுங்கள்.

விளக்குத்தூண்_பையன்

அப்படியே செய்தேன். வகுக்க வேண்டும் என்றால் இன்வெர்ஸ்தானே என்று `inverse(mat3(model)) * aNormal` போட்டேன். கும்மட்டம் பிரமாதம்! வெளிச்சம் அகலமாகப் பரவி, விளிம்புக்கு அருகில்தான் சட்டென்று இறங்குகிறது. ஆனால் சுவரில் 30 டிகிரி சாய்த்து வைத்திருந்த ஒரு நீள்வட்டப் பதக்கம் இப்போது கெட்டுவிட்டது. முன்பு அது ஓரளவு பரவாயில்லை, இப்போது வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது.

கோரிப்பாளையம்_7

டிரான்ஸ்போஸை விட்டுவிட்டீர்கள். ஏன் வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, எல்லோரும் சேர்த்துத்தான் போடுகிறார்கள்.

வைகைக்கரை

ஏன் என்று தெரிந்துவிட்டால் பிறகு மறக்காது. மாடல் மேட்ரிக்ஸை M என்று வைப்போம். பரப்போடு ஓடும் திசை t, அது M t ஆகிறது. நார்மல் n-ஐ ஏதோ ஒரு G-ஆல் பெருக்கப்போகிறோம், அது என்ன என்றுதான் கேள்வி. நமக்கு வேண்டிய நிபந்தனை ஒன்றே ஒன்று: G n-ம் M t-ம் செங்குத்தாக இருக்க வேண்டும். டாட் பெருக்கலை மேட்ரிக்ஸாக எழுதினால்

```
(G n)ᵀ (M t) = nᵀ Gᵀ M t = 0
```

ஏற்கெனவே `nᵀ t = 0` என்று தெரியும். அதனால் நடுவில் உள்ள `Gᵀ M` அலகு மேட்ரிக்ஸாகிவிட்டால் வேலை முடிந்தது. `Gᵀ = M⁻¹`, ஆகவே `G = (M⁻¹)ᵀ`. டிரான்ஸ்போஸ் வந்தது டாட் பெருக்கலை அப்படி எழுதியதால்தான், வேறு மந்திரம் இல்லை.

உங்கள் கும்மட்டத்தில் ஏன் தப்பித்தது என்றால் அங்கே சுழற்சி இல்லை, வெறும் ஸ்கேல். அது மூலைவிட்ட மேட்ரிக்ஸ், டிரான்ஸ்போஸ் செய்தாலும் அதேதான். பதக்கத்தில் சுழற்சி உண்டு, சுழற்சியின் இன்வெர்ஸ் என்பது எதிர்ச்சுழற்சி. நீங்கள் நார்மலை 30 டிகிரி வலப்பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் இடப்பக்கம் திருப்பிவிட்டீர்கள். டிரான்ஸ்போஸ் அந்த எதிர்ச்சுழற்சியை மறுபடி நேராக்கும், ஸ்கேலின் தலைகீழை மட்டும் அப்படியே விட்டுவைக்கும்.

```glsl
mat3 N = transpose(inverse(mat3(model)));
vec3 n = normalize(N * aNormal);
```

`mat3` என்று வெட்டுவதும் தேவைதான், நார்மல் ஒரு திசை, அதற்கு இடப்பெயர்ச்சி ஒட்டக் கூடாது. சரியாக வந்ததா என்று கண்ணை நம்ப வேண்டாம், இதைத் தற்காலிகமாக ஃபிராக்மென்ட் ஷேடரில் போடுங்கள்:

```glsl
vec3 g = normalize(cross(dFdx(vWorldPos), dFdy(vWorldPos)));
float k = abs(dot(g, normalize(vNormal)));
outColor = vec4(vec3(k), 1.0);
```

`g` என்பது திரையில் உண்மையாக வரையப்பட்ட முக்கோணத்தின் நார்மல், அதை யாரும் கெடுக்க முடியாது. நீங்கள் அனுப்பிய நார்மல் அதோடு ஒத்துப்போனால் பொருள் முழுக்க வெள்ளையாக இருக்கும். உங்கள் பழைய கும்மட்டத்துக்கு நடுவயிற்றில் 0.8 வரும், சாம்பல் வளையமாகத் தெரியும். முக்கோணங்கள் பெரிதாக இருந்தால் அங்கங்கே லேசான திட்டுகள் வரும், அது பிழை இல்லை.

திருநகர்வாசி

இவ்வளவு கணக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பிளெண்டரில் Ctrl+A அழுத்தி Scale-ஐ அப்ளை செய்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் ஸ்கேல் வெர்டெக்ஸிலேயே இறங்கிவிடும், நார்மலும் புதிதாகக் கணக்காகிவிடும், ஷேடரில் வெறும் சுழற்சிதான் மிஞ்சும், அப்போது `mat3(model)` போதும். ஒவ்வொரு வெர்டெக்ஸுக்கும் இன்வெர்ஸ் கணக்கிடுவது போனில் வீண் செலவு. எங்கள் வேலையில் ஸ்கேல் அப்ளை செய்யாத மாடலை வாங்கவே மாட்டோம்.

வைகைக்கரை

ஒற்றைப் பொருளுக்கு நீங்கள் சொல்வது நல்ல வழிதான், நானும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் இவர் மண்டபத்தில் ஒரே தூண் வடிவத்தை வேறு வேறு உயரத்துக்கு இழுத்து நிறைய இடத்தில் நிறுத்துகிறார். ஒவ்வொரு உயரத்துக்கும் தனி மாடல் என்றால் மெமரி ஏறும், ஒரே அழைப்பில் எல்லாவற்றையும் வரைய முடியாது. ஸ்கேல் ஓடும்போதே மாறினால் அப்ளை செய்து வைக்கவும் முடியாது.

செலவைப் பற்றிச் சொன்னது உண்மை. பொருளுக்கு ஒருமுறை ஜாவாஸ்கிரிப்டிலேயே கணக்கிட்டு யூனிஃபார்மாக அனுப்பலாம், ஜிஎல்-மேட்ரிக்ஸில் `mat3.normalFromMat4` அதைத்தான் செய்கிறது. பழைய வெப்ஜிஎல் 1-ல் ஷேடருக்குள் `inverse`, `transpose` இரண்டுமே கிடையாது, அங்கே இதுதான் எளிய வழி.

விளக்குத்தூண்_பையன்

பதக்கமும் சரியாகிவிட்டது, சோதனை ஷேடரில் எல்லாம் வெள்ளை. ஆனால் தூண்களை இன்ஸ்டன்ஸிங்கில்தான் வரைகிறேன், ஒவ்வொன்றின் மேட்ரிக்ஸும் அட்ரிபியூட்டாக வருகிறது. நார்மல் மேட்ரிக்ஸையும் தனியாக அனுப்பினால் ஒரு தூணுக்கு இன்னும் 9 எண். வேறு வழி உண்டா?

வைகைக்கரை

உண்டு, ஒரு கட்டுப்பாட்டோடு. உங்கள் மேட்ரிக்ஸ் முதலில் ஸ்கேல், பிறகு சுழற்சி என்ற வரிசையில் வந்ததென்றால், அதன் ஒவ்வொரு நிரலின் நீளமும் அந்தந்த அச்சின் ஸ்கேல். நார்மலை ஸ்கேலின் வர்க்கத்தால் வகுத்துவிட்டு அதே மேட்ரிக்ஸால் பெருக்கினால், பெருக்கும்போது ஒரு ஸ்கேல் திரும்ப வந்து, மொத்தத்தில் ஒருமுறை வகுத்ததாக ஆகிவிடும்.

```glsl
mat3 m = mat3(aInstance);
vec3 s2 = vec3(dot(m[0],m[0]), dot(m[1],m[1]), dot(m[2],m[2]));
vec3 n = normalize(m * (aNormal / s2));
```

இன்வெர்ஸே இல்லை. திரீ.ஜேஎஸ்-லும் இன்ஸ்டன்ஸ் மெஷ்ஷுக்கு இப்படித்தான் செய்கிறார்கள்.

கட்டுப்பாடு என்னவென்றால் மூன்று நிரல்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். பெற்றோர் பொருளில் `(1, 0.5, 1)` ஸ்கேல், அதற்குள் குழந்தைப் பொருள் z அச்சில் 45 டிகிரி சுழன்றிருக்கிறது என்று வையுங்கள். முதல் இரண்டு நிரல்கள் (0.71, 0.35), (−0.71, 0.35) என்று வரும், டாட் பெருக்கல் −0.375. பொருள் சாய்சதுரமாகச் சரிந்துவிட்டது, அங்கே இந்தக் குறுக்குவழி பொய் சொல்லும், முழு இன்வெர்ஸ் டிரான்ஸ்போஸ் மட்டும்தான் உண்மை சொல்லும். சாய்த்து வைத்த பொருள்களை மண்டபம் என்ற ஒரே பெற்றோருக்குள் போட்டு மண்டபத்தையே அமுக்கினீர்கள் என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

அழகர்_மலை

தாமதமாக வருகிறேன். இன்வெர்ஸே எடுக்காமல் கோஃபேக்டர் மேட்ரிக்ஸ் போடலாமே? இரண்டிரண்டு நிரல்களின் கிராஸ் பெருக்கல், மூன்று முறை:

```glsl
mat3 N = mat3(cross(m[1],m[2]), cross(m[2],m[0]), cross(m[0],m[1]));
```

இன்வெர்ஸ் டிரான்ஸ்போஸோடு டிடெர்மினன்டைப் பெருக்கினால் வருவது இதுதான், நார்மலைஸ் செய்தால் வித்தியாசம் போய்விடும். சரிந்த மேட்ரிக்ஸுக்கும் பொருந்தும். ஒரு அச்சின் ஸ்கேல் 0 ஆனால் இன்வெர்ஸ் வெடித்துவிடும், இது வெடிக்காது. நான் எல்லா இடத்திலும் இதைத்தான் போடுகிறேன், இன்வெர்ஸ் டிரான்ஸ்போஸ் தேவையே இல்லை என்பது என் கருத்து.

வைகைக்கரை

வித்தியாசம் முழுக்கப் போகாது, குறி மிஞ்சும். கண்ணாடிப் பிம்பமாக `scale(-1, 1, 1)` கொடுத்தால் டிடெர்மினன்ட் −1. இன்வெர்ஸ் டிரான்ஸ்போஸ் நார்மலை வெளிப்பக்கமாகவே வைத்திருக்கும், கோஃபேக்டர் உள்பக்கம் திருப்பிவிடும். இவர் மண்டபத்தின் இடப்பாதியைச் செய்து வலப்பாதியைப் பிம்பமாக எடுத்தால் வலப்பாதி முழுக்க இருட்டு.

அழகர்_மலை

அதைத்தான் நான் சரி என்கிறேன். பிம்பம் எடுத்தால் முக்கோணத்தின் சுற்றுவரிசையும் திரும்பிவிடுகிறது. திரும்பிய சுற்றுவரிசையிலிருந்து முக நார்மலைக் கணக்கிட்டால் கோஃபேக்டர் சொல்வதேதான் வரும். நார்மலும் சுற்றுவரிசையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். உங்கள் முறையில் நார்மல் வெளியே பார்க்கிறது, ஜிபியு அந்த முகத்தைப் பின்புறம் என்று நினைத்து வெட்டுகிறது.

வைகைக்கரை

அதற்கு டிடெர்மினன்ட் எதிர்மறையானால் `gl.frontFace(gl.CW)` என்று மாற்றிவிட்டு வரைவேன், திரீ.ஜேஎஸ்-ம் அதையே செய்கிறது. வெளிச்சத்துக்கு எனக்கு வெளிப்பக்க நார்மல் வேண்டும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அழகர்_மலை

இன்ஸ்டன்ஸிங்கில் ஒரே அழைப்பில் பாதித் தூண் பிம்பம், பாதித் தூண் நேர் என்றால் `frontFace`-ஐ நடுவில் எப்படி மாற்றுவீர்கள்?

வைகைக்கரை

முடியாது. இரண்டு அழைப்பாகப் பிரிப்பேன். அல்லது கல்லிங்கை அணைத்துவிட்டு டிடெர்மினன்டின் குறியை ஷேடரில் பார்ப்பேன்.

அழகர்_மலை

குறியைப் பார்ப்பதென்றால் கோஃபேக்டரை அந்தக் குறியால் பெருக்கினாலே போதுமே. அப்போதும் என் முறைதான் மலிவு.

விளக்குத்தூண்_பையன்

நீங்கள் இருவரும் பேசுவதைப் படித்துக்கொண்டே வலப்பாதியைப் பிம்பமாக எடுத்துப் பார்த்தேன். கும்மட்டத்துக்கு இன்வெர்ஸ் டிரான்ஸ்போஸ், `frontFace` மாற்றம், சரியாக வருகிறது. தூண்களுக்கு வர்க்கத்தால் வகுக்கும் வழி, பிம்பமானவற்றைத் தனி அழைப்பாகப் பிரித்துவிட்டேன், அதுவும் சரி. இதில் நார்மல் வெளிப்பக்கமாகவே இருக்கிறது, சோதனை ஷேடரில் `abs` எடுத்துவிட்டும் பார்த்தேன்.

ஒன்று மட்டும் மிச்சம். தூணின் சுதைவேலைக்கு நார்மல் மேப் போட்டேன், பிம்பமான தூண்களில் மட்டும் பூவேலை உள்ளே குழிந்து தெரிகிறது. டேன்ஜென்டையும் அதே நார்மல் மேட்ரிக்ஸால்தான் பெருக்கியிருக்கிறேன்.

வைகைக்கரை

டேன்ஜென்ட் பரப்போடு ஓடும் திசை, அது t. அதை `mat3(model)`-ஆலேயே பெருக்குங்கள், நார்மல் மேட்ரிக்ஸ் நார்மலுக்கு மட்டும். குழிவு அதனால் வருவதில்லை, அது பைடேன்ஜென்டை கிராஸ் பெருக்கலில் எடுக்கும்போது பிம்பத்தில் குறி மாறுவதால் வரும், டேன்ஜென்டின் `w`-ஐ டிடெர்மினன்டின் குறியால் பெருக்கிப் பாருங்கள். முதலில் மேட்ரிக்ஸை மாற்றிவிட்டுப் படம் போடுங்கள், பார்க்கலாம்.